முதல் கண்டெய்னருக்கு ஒரு வாழ்த்து

நீல டிக் விழும், பதில் வராது. இப்படியே ஏழு மாதம் ஓடிவிட்டது. திங்கட்கிழமை தவறாமல் நான் அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்த செய்திகளை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது. "வணக்கம் அண்ணே, அந்த ரூம் விஷயமா…" என்று ஒரு திங்கள். "அண்ணே, நல்லா இருக்கீங்களா, அந்த ரூம் விஷயமா…" என்று அடுத்த திங்கள். நடுவில் பொங்கல் வந்தபோது கரும்பும் பானையும் போட்ட படம் ஒன்றை அனுப்பி, அதற்குக் கீழேயும் ரூம் விஷயத்தைச் சேர்த்திருக்கிறேன். வெட்கம் கெட்ட பிழைப்பு.

கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காகப் பழங்களுக்கான குளிர் அறைகளை விற்பது என் வேலை. தேனியில் வீடு, பள்ளத்தாக்கு முழுக்க எனக்குச் சந்தை. அவர் வாழைக்காய் வியாபாரி. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட பேக்கிங் ஷெட் வைத்திருக்கிறார். இருபது வருடமாக நேந்திரனை லாரியில் கேரளாவுக்கு அனுப்பியவர், பச்சை வாழையைப் பெட்டியில் அடைத்து வளைகுடாவுக்குக் கப்பலேற்றும் யோசனை வந்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் போய் ஷெட்டை அளந்து, காயை ஏற்றுவதற்கு முன் சூடு தணிக்கிற ப்ரீகூலிங் ரூம் ஒன்றுக்குக் கோட்டேஷன் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மானியம் வரட்டும் தம்பி, பாப்போம்" என்றார். எங்கள் ஊரில் "பாப்போம்" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

மற்ற நேரமாக இருந்தால் விட்டிருப்பேன். ஆனால் அந்த வருடம் என் பகுதியில் ஒரு ரூம்கூட விற்கவில்லை. மார்ச் முடிவதற்குள் ஒரு ஆர்டராவது வராவிட்டால் தேனிக்குத் தனியாக ஆள் தேவையில்லை, என்னை ஓசூருக்கு மாற்றிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் மனைவி அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நான்கு வருடம் ராமநாதபுரத்தில் அவளும் தேனியில் நானுமாக, பேருந்திலேயே பாதிக் குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். யார் யாரையோ பார்த்து, மனு மேல் மனு போட்டு, போன வருடம்தான் பெரியகுளத்துக்கு மாற்றல் வாங்கி வந்திருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டு ஒரு வருடம்கூட முடியவில்லை. அதற்குள் ஓசூர் என்றால் அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

பிப்ரவரி கடைசியில் நிறுவனம் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தது. ஆன்லைன் வகுப்பு. நின்றுபோன பேச்சை மறுபடி எப்படித் தொடங்குவது என்பது பாடம். நான் செய்துகொண்டிருந்த மாதிரி "அந்த விஷயம் என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருப்பதைப் போல ஆளை விரட்டும் வழி வேறு இல்லை என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னபோது, கேமராவை அணைத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. வாடிக்கையாளருக்கு ஒரு பதவி உயர்வு, ஒரு விருது, தொழிலில் ஒரு புது மைல்கல் என்று ஏதாவது வந்திருந்தால் அதற்கு வாழ்த்துங்கள் என்றார். பொதுவாக "வாழ்த்துக்கள்" என்று போடாதீர்கள், என்ன சாதித்தார் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வாழ்த்தில் சரக்கைப் பற்றிப் பேசவே கூடாது. அவர் செய்த காரியத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதில் சொல்ல அவருக்கே ஆசை வருகிற மாதிரி. இந்தக் கேள்வி விஷயம் நான்காவது ஸ்லைடில் இருந்தது, நன்றாக நினைவிருக்கிறது.

நல்ல காலம் வந்தால் எல்லாம் கூடி வரும் என்பார்கள். அந்த வாரமே செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் வாழைக்காய் வியாபாரியின் படம். மூன்று வாரத்துக்கு முன்னால் அவருடைய முதல் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியிருந்தது. அதற்காக விவசாயிகள் சேர்ந்து கம்பத்தில் பாராட்டு விழா எடுத்திருந்தார்கள். கம்பம் போகிற வழியெல்லாம் ஃப்ளெக்ஸ். "பள்ளத்தாக்கிலிருந்து பாலைவனத்துக்கு!" என்று தலைப்பு, பக்கத்தில் ஒட்டகம், ஒட்டகத்தின் மேல் வாழைத்தார். அவர் கண்டெய்னர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற வீடியோவை என் சொந்தக்காரர்களே மூன்று பேர் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள்.

நான் உட்கார்ந்து செய்தி எழுதினேன். அரை மணி நேரம் ஆயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவிக்குக்கூட இவ்வளவு யோசித்து எழுதியதில்லை. "அண்ணே, முதல் கண்டெய்னருக்கு மனமார்ந்த வாழ்த்துக்கள். நம்ம பக்கத்துக் காயை ஆயிரத்தைந்நூறு பெட்டி ஒரே நேரத்தில் கப்பல் ஏற்றியது சாதாரண வேலையில்லை. காய் அங்கே எந்தப் பதத்தில் போய் இறங்கியது?" அவ்வளவுதான். ரூம் என்ற சொல்லே இல்லை. மனைவியிடம் காட்டினேன். "யாரோ நல்ல மனுசன் எழுதுன மாதிரி இருக்கு" என்றாள்.

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. ஏழு மாதம் கழித்து, நான்கே நிமிடத்தில். "நேர்ல வாங்க தம்பி."

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று புது விலை போட்ட கோட்டேஷனைப் பையில் வைத்துக்கொண்டேன். ஷெட்டில் பெண்கள் தாரிலிருந்து சீப்பு சீப்பாக அறுத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய அறைக்குள் நுழைந்தால் நாற்காலிகள் எல்லாவற்றிலும் சால்வை, மேஜை முழுக்க இனிப்பு டப்பா. எனக்கு முன்பே நான்கு பேர் வாழ்த்த வந்திருந்தார்கள். ஒருவர் இன்சூரன்ஸ், ஒருவர் உரக்கம்பெனி, ஒருவர் அட்டைப்பெட்டி. நான்காமவர் மதுரையிலிருந்து வந்த குளிர் அறைக்காரர், என் போட்டி. சால்வையைப் போர்த்திய கையோடு இனிப்பு டப்பாவையும் நீட்டி, "உள்ள கோட்டேஷனும் வச்சிருக்கேண்ணே, நிதானமாப் பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்த்தில் சரக்கைப் பேசக் கூடாது என்பது இந்த ஆளுக்குத் தெரியவில்லையே, பாவம் என்று நினைத்தேன்.

வியாபாரி எல்லோருக்கும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு, "தம்பி, நீங்க மட்டும் இருங்க" என்றார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"முந்நூறு பேரு வாழ்த்துச் சொல்லிட்டாக தம்பி. அம்புட்டுப் பேரும் கண்டெய்னரப் பத்தித்தான் கேட்டாக. எம்புட்டு நீளம், எத்தனை சக்கரம்னு. காய் எப்பிடிப் போய்ச் சேந்துச்சுன்னு ஒரு பய கேக்கல. நீங்க ஒருத்தர்தான் கேட்டீக."

சொல்லிவிட்டுத் தன் போனை என்னிடம் நீட்டினார். வளைகுடாவில் சரக்கை வாங்கியவர் அனுப்பிய படங்கள். திறந்து வைத்த பெட்டிகள். பச்சையாக இருக்க வேண்டிய காய், மஞ்சள் மஞ்சளாக, சில பெட்டிகளில் கறுத்தும் கிடந்தது. மூன்றில் ஒரு பங்கு போச்சு என்றார். மீதியையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்களாம். விழா மேடையில் சால்வை வாங்கும்போது இந்தப் படங்கள் அவர் சட்டைப்பைக்குள் இருந்திருக்கின்றன.

"வீட்டுல கூடச் சொல்லல. வெளிய தெரிஞ்சா வெவசாயி ஒருத்தன் எனக்குக் காய் வெட்ட மாட்டான். எல்லாரும் பழையபடி கேரளா லாரிக்கே போயிருவாக. அடுத்த கண்டெய்னருக்கு நாள் குறிச்சாச்சு. என்ன செய்யன்னு தெரியல தம்பி." சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ஐம்பத்தைந்து வயது மனிதர். லோடுமேன்களை ஏலே என்று ஒரு சத்தம் போட்டால் ஷெட்டே நடுங்கும்.

எனக்கு உண்மையிலேயே சங்கடமாகிவிட்டது. அந்தக் கேள்வி என் நெஞ்சிலிருந்து வந்ததில்லை, நான்காவது ஸ்லைடிலிருந்து வந்தது. அதை நம்பி ஒரு மனிதர் தன் மானத்தையே எடுத்து என் முன்னால் வைக்கிறார். அந்தச் சங்கடத்தை மறைக்கத்தானோ என்னவோ, ஒரு மணி நேரம் உட்கார்ந்து விவரம் சொன்னேன். வெயிலில் வெட்டிய காய் உள்ளே முப்பது டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும், அதை அப்படியே பெட்டியில் அடைத்து ஏற்றியதுதான் தப்பு என்றேன். "கண்டெய்னரே ஃபிரிட்ஜுதான தம்பி?" என்று கேட்டார். "ஆறுன காயை ஆறுன மேனிக்கு வச்சிருக்கத்தாண்ணே அது. சுடுற காயை ஆத்தாது. கொதிக்கிற சாம்பாரை அண்டாவோட தூக்கி ஃபிரிட்ஜுல வச்சா எப்ப ஆறும்? நடுவுல இருக்குற பெட்டி சூட்டுலயே பழுத்து, அதோட வாயு பட்டு மத்ததும் பழுத்துருச்சு. பதிமூணு பதினாலு டிகிரிக்குக் கொண்டுவந்துட்டுத்தான் ஏத்தணும்." ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். பெட்டி அடுக்குவது, காற்று உள்ளே இழுப்பது, எல்லாம்.

அவர் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "அந்த ரூமு கோட்டேஷன் புதுசா எதுவும் கொண்டாந்திருக்கீகளா?"

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். பை என் காலடியில் இருந்தது. கை அரை முழம் கீழே போனால் போதும். ஆனால் கண் கலங்கிய மனிதரின் முன்னால் விலைப்பட்டியலை நீட்ட எனக்கு வரவில்லை. நல்லது கெட்டதுக்குப் போன வீட்டில் கொடுக்கல் வாங்கல் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். அதோடு, மறைப்பதற்கென்ன, ஒருத்தர்தான் கேட்டீர்கள் என்று அவர் சொன்ன பெருமை தலைக்கு ஏறியிருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

"இல்லண்ணே. இன்னைக்கு வாழ்த்துச் சொல்லத்தான் வந்தேன். அது கெடக்கட்டும், பெறகு பாப்போம்" என்றேன்.

ஆமாம், "பாப்போம்" என்று நானேதான் சொன்னேன்.

அன்றிலிருந்து அவர் என் போனை முதல் மணியிலேயே எடுத்தார். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டேன். வீட்டம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். ஆறாம் நாள் கூப்பிட்டேன். மகளுக்கு வந்திருக்கும் வரன் எப்படி என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். காலையில் குட் மார்னிங் படம் இப்போது அவரிடமிருந்து வரத் தொடங்கியது, ரோஜாப்பூவோடு. ஒவ்வொரு முறையும் ரூம் பேச்சை எடுக்க வாயைத் திறப்பேன். அதற்குள் அவர் "சாப்பிட்டீகளா தம்பி" என்பார். சாப்பிட்டாயா என்று கேட்கிறவரிடம் அட்வான்ஸ் எப்போது தருவீர்கள் என்று எப்படிக் கேட்பது?

பன்னிரண்டாம் நாள் அவரே கூப்பிட்டார். குரலில் அத்தனை உற்சாகம்.

"தம்பி, ஒரு நல்ல சேதி. ரூமுக்கு ஆர்டர் போட்டாச்சு. அந்த மதுரைக்காரன்ட்ட. முப்பத்தஞ்சு நாள்ல மாட்டித் தாரேங்கான். அடுத்த கண்டெய்னருக்குச் சரியா இருக்கும். நீங்க வரைஞ்ச தாளத்தான் அவன்ட்டக் குடுத்து இதே மாதிரி வேணும்னுட்டேன்."

நான் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் எந்த ஊர் பேருந்து நிலையம் என்பதே மறந்துவிட்டது. பிறகு, "அண்ணே, அன்னைக்கு எம் பையிலயே கோட்டேஷன் இருந்துச்சுண்ணே" என்றேன். மானம் போனாலும் பரவாயில்லை என்றுதான் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார் அவர். "பைதான் வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்துச்சே. மேலயே தெரிஞ்சுச்சு. அதப் பாத்துட்டுத்தான கேட்டேன். இருந்தும் நீங்க எடுக்கல பாருங்க. அப்பவே நெனச்சேன், இது வியாபாரத்துக்கு வந்த ஆளு இல்ல, நம்ம மனுசன்னு. நம்ம மனுசன்ட்டப் போயி வெல பேச முடியுமா? மதுரைக்காரன்னா நாளைக்கு ரூம் மக்கர் பண்ணா சட்டையப் பிடிச்சுக் கேப்பேன். ஒங்களக் கேக்க முடியுமா? மனசு கேக்குமா?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்குக்கூட என்னிடம் மறுப்பு இல்லை. என் அப்பாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். வாங்கிய பொருளுக்குச் சண்டை போட ஒரு அந்நியன் வேண்டும். நான் அந்தத் தகுதியை இழந்துவிட்டிருந்தேன்.

மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பயிற்சி கொடுத்தவரையும் லைனில் சேர்த்தார். "வாழ்த்துல சரக்கப் பேசாதீங்கன்னுதான் சொன்னேன். அவரே வாய விட்டுக் கேட்டா எடுத்துக் குடுக்க வேண்டியதுதானே சார்! அதுக்குத்தானே அத்தனையும்!" என்று பயிற்சிக்காரர் கிட்டத்தட்ட அழுதார். ஓசூர் உத்தரவு ஏப்ரல் முதல் வாரம் மின்னஞ்சலில் வந்தது.

மனைவியிடம் அன்று மாலையே சொன்னேன். அவள் திட்டவில்லை. "பையிலதான இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுபடியும் வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்து, ஞாயிறு இரவுப் பேருந்து. இரண்டு பேருக்குமே அழுகைதான் வந்தது, அழவில்லை.

ஓசூருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அவர் மறுபடி கூப்பிட்டார். ரூம் தயாராகிவிட்டது, முதல் லோடு உள்ளே ஏற்றியிருக்கிறார்கள், ஆனால் மனசு ஆறவில்லை, நீங்கள் வந்து ஒரு பார்வை பார்த்துச் சொன்னால் நிம்மதி என்றார். "போனீங்கன்னா நான் ஒங்களோட பேச மாட்டேன்" என்றாள் மனைவி. போனேன்.

போட்டிக் கம்பெனிக்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "இவரு நம்ம தம்பி" என்று வியாபாரி என்னை அறிமுகப்படுத்தினார். "ஒத்த ரூவா எதிர்பாக்காம வந்து நின்ன ஆளு." மதுரைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னை எந்த ரகத்தில் சேர்ப்பது என்று அவருக்குப் புரிந்திருக்காது.

உள்ளே போய்க் காயில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன். ஓரத்துப் பெட்டியில் பதினான்கு. நடுப் பெட்டியில் இருபத்தொன்று. ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றியிருந்தால் பழைய கதைதான். பெட்டிகளைத் திருப்பி அடுக்கியிருந்ததால் ஒன்றின் துளை அடுத்ததன் துளையோடு சேரவில்லை. மேலே போர்த்திய தார்ப்பாயும் கடைசிவரை வரவில்லை. காற்று காய்க்குள் போகாமல் மேலேயும் பக்கவாட்டிலும் சுற்றிக்கொண்டிருந்தது. சொல்லாமல் வந்திருக்கலாம். சொல்லாமல் வந்திருந்தால் அடுத்த மாதமே அந்த மதுரைக்காரரின் சட்டை கிழிந்திருக்கும், எனக்கும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சட்டைப்பைக்குள் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு இன்னொரு முறை மேடை ஏறுகிற அவர் முகமும் கூடவே வந்தது. ஆட்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் இறக்கி, துளைக்குத் துளை நேராக மறுபடி அடுக்க வைத்தேன். தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். சாயங்காலம் நடுப் பெட்டியும் பதினான்குக்கு வந்தது. மதுரைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கம்பெனிக்கு நான் செய்த சேவைக்கு ஒரு சால்வையாவது போர்த்தியிருக்கலாம்.

ஓசூருக்குப் போன மூன்றாவது வாரம், மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டின்போது வியாபாரி சில படங்கள் அனுப்பினார். வளைகுடாவில் திறந்த பெட்டிகள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு காய்கூட மஞ்சள் இல்லை. கிளிப்பச்சை. "மொதல்ல ஒங்களுக்குத்தான் அனுப்புறேன்" என்று கீழே எழுதியிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தச் சந்தோஷம் எதற்கு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டியும் அது போகவில்லை.

மனைவிக்குப் போன் செய்து சொன்னேன்.

"ஏங்க, இனி அவருக்கு மாசா மாசம் கண்டெய்னர் போகும். ரூமைப் பாத்துக்க விவரம் தெரிஞ்ச ஆளு வேணும்ல. சம்பளத்துக்கு வாரேன்னு அவருகிட்டயே கேளுங்களேன். ஊரோட வந்துறலாம்."

அதை நானும் யோசிக்காமல் இல்லை. ஓசூர் வந்த முதல் இரவே யோசித்தேன். நம்ம தம்பி என்று ஆனபிறகு அவரிடம் போய்ச் சம்பளம் எவ்வளவு தருவீர்கள் என்று எந்த வாயால் கேட்பது? கேட்டால் கட்டாயம் தருவார். அதனால்தான் கேட்க முடியவில்லை.

"பாப்போம்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.